பம்பைக்கு மட்டும் ஒரு பல்பு

திண்டிவனம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என் சைக்கிள் கடைக்கும் ராயப்பனின் ரேடியோ கடைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அவன் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் பஞ்சர் பசை காயாது என்று நான் சொல்வதுண்டு. இருபது வருஷம் அவனோடு சண்டை போட்டிருக்கிறேன், இருபது வருஷமும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

அவன் அம்மா கூட்டேரிப்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். அப்பாவை அவன் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதில் டூரிங் டாக்கீஸில் ரீல் சுற்றப் போனான், ஆபரேட்டர் அடிக்க அடிக்க ஆம்பிளிஃபயரைத் திறந்து மூடக் கற்றான், முப்பது வயதுக்குள் சொந்தமாக மூன்று ஆம்பிளிஃபயரும் ஆறு கூம்பு ஸ்பீக்கரும் சேர்த்துவிட்டான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், எல்லாவற்றுக்கும் அவன்தான் மைக் செட். அவனிடம் ஒரு குணம். ஒரு காரியம் முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால், அவன் முகம் கல்லாகிவிடும். அதற்குமேல் அவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் சித்திரையில், திருவாமாத்தூர்ப் பக்கத்து வீரம்மாளின் பாட்டை அவன் டேப்பில் பிடித்தான். வீரம்மாள் பம்பை குழுக்காரி. அவள் புருஷன் மண்ணாங்கட்டி பம்பை அடிப்பான், கொழுந்தன் உடுக்கை, இரண்டு பேரும் பின்பாட்டும் பாடுவார்கள். அம்மனை வரவழைக்கும் அழைப்புப் பாட்டை அவள் எடுத்தால், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் கல்லும் திரும்பிப் பார்க்கும். மெட்ராஸில் ஒரு ரிகார்டு கம்பெனி ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு தேடுகிறது என்று ராயப்பனுக்குத் தெரிய வந்தது. நல்லதாக ஒன்று பிடித்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார்கள். வீரம்மாளிடம் போய், உன் குரலும் உன் பேரும் ரிகார்டில் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

அந்த அழைப்பை அவர்கள் கையில் காப்புக் கட்டியிருக்கும் பத்து நாளில் மட்டும்தான் பாடுவார்கள். காப்பை அவிழ்த்துவிட்டால் அடுத்த சித்திரை வரைக்கும் அது வாயில் வராது. அதனால் திருவிழாவின் எட்டாம் நாள் பகலில், மார்க்கெட்டில் வேர்க்கடலை மூட்டை இறங்காமல் காலியாகக் கிடந்த மல்லாட்டைக் கிடங்கில் வைத்துப் பிடித்தான். வீரம்மாளுக்கு ஒரு மைக், பம்பைக்கு ஒரு மைக், இரண்டையும் கலந்து ஒரே டேப்.

இங்கேதான் மைக் செட்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தான். பாட்டு எப்படி விழுகிறது என்று பார்க்கக் கிடங்குக்கு வெளியே ஒரு கூம்பு ஸ்பீக்கரை வைத்துக் காதைக் கொடுத்தான். வாழ்நாளெல்லாம் அவன் கேட்டது கூம்பில்தான். கூம்புக்கோ அடித்தொண்டை கிடையாது. பம்பையின் 'தொம்' அதில் 'டப்' என்றுதான் கேட்கும். பம்பை போதவில்லையே என்று அந்த மைக்கை ஏற்றினான். இன்னும் போதவில்லை என்று அடிச்சத்தம், அதாவது கீழே முழங்கும் கனத்த சத்தம், அதற்கான குமிழையும் கடைசி வரை திருகினான். பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கூம்பில் போட்டுக் காட்டினான். பிரமாதம் என்று நானும் தலையாட்டினேன். குருடனுக்குக் குருடன் வழி காட்டிய கதை.

காப்பு அவிழ்த்து இரண்டு நாள் கழித்து டேப்பைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் போனான். துணைக்கு நானும் போனேன். டயர் வாங்க வேண்டியிருந்தது. கம்பெனியில் சத்தத்தை ரிகார்டில் கோடாக வெட்டும் இன்ஜினீயர் விருத்தாசலம் என்று ஒருவர், கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கரில் டேப்பைப் போட்டார். முதல் பம்பை அடி விழுந்ததும் மேஜைமேல் இருந்த டம்ளர் நடுங்கியது. ஒவ்வொரு அடியும் வீங்கி, அடுத்த அடி வரும்வரை 'ஊம்' என்று இழுத்தது. கிடங்கே அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தது. வீரம்மாள் அதற்கு அந்தாண்டை எங்கேயோ நின்று பாடிக்கொண்டிருந்தாள். ராயப்பனின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை.

"இதை வெட்டினா ஊசி ரெண்டு பக்கமும் தாவி அடுத்த கோட்டுல போய் விழுந்துடும்" என்றார் விருத்தாசலம். "அடிச்சத்தம் பெருசா இருந்தா கோடு அவ்வளவு அகலமா ஆடும்."

மனிதர் நல்லவர். எங்களை அப்படியே அனுப்பிவிடாமல் இரண்டு வழி பார்த்தார். முதலில் அடிச்சத்தத்தை மொத்தமாகக் குறைத்தார். வீக்கம் போயிற்று, கூடவே பம்பை தகர டப்பா ஆயிற்று. பம்பை ஓய்ந்து பின்பாட்டு ஆண்கள் மட்டும் பாடும் இடத்தில் அவர்கள் குரல் பள்ளிக்கூடப் பையன்கள் குரலாக மெலிந்தது. அடுத்து, சத்தம் எல்லை மீறினால் தானே அமுக்கும் லிமிட்டர் என்ற கருவியில் முழுப் பாட்டையும் விட்டார். பம்பை அடங்கியது. ஆனால் பம்பை விழும்போதெல்லாம் வீரம்மாளின் குரலும் சேர்ந்து முங்கி, மறுபடி எழுந்தது. யாரோ அவள் தலையைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி விடுவது போல இருந்தது.

"தப்பு பண்றது பம்பை, அடி வாங்கறது அந்தம்மாவா?" என்றான் ராயப்பன்.

"கருவிக்கு யார் சத்தம்னு தெரியாதுப்பா. மொத்தமா சேர்த்துத்தான் அமுக்கும். நீ ரெண்டையும் கலந்துட்டே. சோத்துல உப்பைக் கலந்த பிறகு திரும்ப எடுக்க முடியுமா? மறுபடி பாடச் சொல்லிப் பிடிச்சிக்கினு வா."

காப்பு விஷயத்தைச் சொன்னோம். பக்கத்தில் நின்ற கம்பெனி மேனேஜர் கையை விரித்தார். அடுத்த திங்கட்கிழமைக்குள் வெட்டத் தகுந்த டேப் வரவேண்டும். வராவிட்டால், மெட்டுதான் கையில் இருக்கிறதே, சினிமாக் கோரஸில் பாடும் ஒரு பெண்ணை வைத்து அவர்களே பாடவைத்து முடித்துக்கொள்வார்கள். சாமி பாட்டு யாருக்கும் சொந்தமில்லையாம். எனக்கு அந்த ஆளை அங்கேயே ஒரு போடு போடலாம் போலிருந்தது.

மறுநாள் ராயப்பன் விழுப்புரம் போய் வீரம்மாளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னான். தப்பு தன்னுடையது என்பதையும் மறைக்கவில்லை. ஒரே ஒரு தடவை பாடிவிடு அக்கா என்று கேட்டும் பார்த்திருக்கிறான்.

"காப்பு அவுத்தாச்சி தம்பி. பாட மாட்டேன்" என்றாளாம். "எம் பாட்ட இன்னொருத்தி பாடி அது எம் பேர் இல்லாம ஊரெல்லாம் கேக்கும்னா, கேக்கட்டும். ஆனா எனக்கு வயிறு எரியும். அத்தயும் சொல்லிட்டேன்."

திரும்பி வந்தவன் முகம் கல்லாகியிருந்தது. ஆறு நாள் இருந்தது.

வழி எங்கிருந்து கிடைத்தது என்றால், அவன் மேஜையிலிருந்தே. ரேடியோ ரிப்பேர் செய்கிற எல்லோரிடமும் ஒரு பல்பு மாட்டிய பலகை இருக்கும். கெட்டுப்போன ரேடியோவை நேராகக் கரண்டில் செருகாமல், அந்தப் பல்பு வழியாகச் செருகுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து, தானே கரண்டைத் தாங்கிக்கொள்ளும், ரேடியோ பிழைக்கும். புதன்கிழமை காலையில் யாருடையதோ ஒரு ரேடியோவை அப்படிச் செருகினான், பல்பு எரிந்தது, அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே" என்று பலகைச் சுவரைத் தட்டினான். "பல்புல இருக்கற கம்பி சூடானா கரண்டுக்கு வழி விடாதுங்க. ஜில்லுனு இருந்தா விட்டுடும். பம்பைச் சத்தத்த மட்டும் தனியா பிரிச்சி ஒரு பல்பு வழியா உட்டா? ஓங்கி விழுந்தா கம்பி சூடாவும், அதுவே அத்த அமுக்கும். விழலன்னா சும்மா கெடக்கும்."

"கலந்தத எப்பிட்றா பிரிப்ப? அவருதான் உப்பு, சோறுன்னு சொன்னாரே."

"பம்பைய பிரிக்க முடியாதுங்க. அடிச்சத்தத்த பிரிக்கலாம். பம்பையோட வீக்கம் அங்கதான குந்திக்கினு கீது."

கம்பிச் சுருள் அடிச்சத்தத்தை விடும், மேல் சத்தத்தைத் தடுக்கும். கண்டென்சர் அதற்கு நேர்மாறு. இவற்றை வைத்துப் பாட்டை மூன்றாகப் பிரித்தான்: கீழே பம்பையின் கனம், நடுவில் குரல், மேலே சலங்கை, உடுக்கையின் கூர். மூன்றுக்கும் மூன்று ஆம்பிளிஃபயர். மூன்றையும் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிய இன்னொரு டேப் மெஷினில் பதிவது. சுருள் சுற்றியது அவன் பெண்சாதி அம்மணி. அந்தக் கடையின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அவள் சுற்றியதுதான். அவன் எண்ணினால் நூற்றுக்குமேல் தடுமாறுவான், அவள் ஆயிரத்து இருநூறு சுற்றிலும் ஊர்க்கதை பேசிக்கொண்டே தப்பாமல் எண்ணுவாள். கேட்பதற்கு இனிக் கூம்பு கிடையாது என்று சத்தியம் செய்து, அவளுடைய அரிசிப் பெட்டியைக் காலி செய்து அதில் ஒரு பெரிய காகித ஸ்பீக்கரைப் பொருத்தினான். அரிசி பதினைந்து நாள் தவலையில் கிடந்தது. அதற்கு அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மூன்று வழியிலும் மூன்று பல்பு மாட்டினான். வியாழக்கிழமை மத்தியானம் ஓட்டினோம். மூன்றும் மின்னிக்கொண்டு பார்க்கத் தேர்த் திருவிழாவாக இருந்தது. வீக்கமும் இல்லை. ராயப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அம்மணி சிரிக்கவில்லை. "பாட்டு படுத்துக்கிச்சி" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. வீரம்மாள் மெதுவாக ஆரம்பிப்பதும், நடுவில் ஓங்கிக் கூப்பிடுவதும் ஒரே உயரத்தில் இருந்தன. மேடுபள்ளம் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி அடுக்கியது போல.

"அவ மேல இன்னா கோவம் உங்களுக்கு? பம்பைக்குத்தான கட்டு போடணும்னீங்க?"

ராயப்பன் நடுவிலும் மேலேயும் இருந்த பல்புகளைக் கழற்றிவிட்டு, இஸ்திரிப் பெட்டிக் கம்பியில் செய்த சாதாரண ரெசிஸ்டரை வைத்தான். பம்பைக்கு மட்டும் ஒரு பல்பு.

அப்புறமும் எளிதில் முடியவில்லை. அது ஒரு லாரி ஹெட்லைட் பல்பு, உள்ளே தடித்த கம்பி. சூடாவதற்கும் நேரம், ஆறுவதற்கும் நேரம். பம்பை அடித்து ஓய்ந்த பிறகும் பல்பு ஆறாமல், அடுத்து வரும் பின்பாட்டு ஆண்கள் சிறிது நேரம் குழிக்குள்ளிருந்து பாடினார்கள். டார்ச் பல்பைப் போட்டான். அதன் மயிர்க்கம்பி அவசரக் குடுக்கை. சத்தத்தின் ஒவ்வொரு அலைக்கும் சூடாகி ஆறி, பம்பை கரகரவென்று உறுமியது. மண்டையில் கைவைத்து உட்கார்ந்தவன் திடீரென்று என் கடைக்குள் வந்து, கேட்காமல், விற்பனைக்குத் தொங்கவிட்டிருந்த புது சைக்கிளின் டைனமோ லைட்டிலிருந்து பல்பைத் திருகி எடுத்தான்.

"டேய், அது போலீஸ் ஏட்டு சொல்லி வச்ச வண்டிடா."

"ஏட்டய்யா ரெண்டு நாள் பகல்ல போவட்டும்ங்க."

சைக்கிள் பல்பு அளவாக இருந்தது. அடியின் முதல் வெட்டை விட்டுவிடும், பின்னால் வரும் இழுப்பை அமுக்கும், அடுத்த வரிக்குள் ஆறிவிடும். வெள்ளிக்கிழமை முழுக்க எங்கே பிரிப்பது என்பதில் போயிற்று. முதலில் கொஞ்சம் உயரத்தில் பிரித்துவிட்டான். அதில் வீரம்மாளின் நெஞ்சுக்குரலும் பம்பையோடு சேர்ந்து மாட்டிக்கொண்டு, அடிக்கு அடி மெலிந்தது. அம்மணி சுருளில் இன்னும் சுற்று ஏற்றினாள், அவன் கண்டென்சரைப் பெரிதாக்கினான், பிரியும் இடம் கீழே இறங்கியது, அவள் குரல் தப்பியது. அப்போதும் குரலின் அடியில் ஏதோ ஓட்டை. பல்லுப் போனவர் பேச்சு மாதிரி. அரை நாள் அலைந்துவிட்டு, கீழ் வழி ஆம்பிளிஃபயரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டான். ஓட்டை நிரம்பியது. இரண்டு வழியும் சந்திக்கும் இடத்தில் ஒன்று தள்ள மற்றொன்று இழுத்து, ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்ததாம். குடும்பத்திலும் நடப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடித்து வந்து புது டேப்பில் பதிந்தான். எனக்குத் திருப்தி. ராயப்பன் மட்டும், வீரம்மாள் கேட்காமல் டேப் ரயில் ஏறாது என்றான். முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தான்; பத்தரை மணி பாசஞ்சரில் அவளும் மண்ணாங்கட்டியும் வந்து இறங்கினார்கள்.

மண்ணாங்கட்டி உள்ளே வரும்போதே முகம் வாடியிருந்தான். தன் பம்பைதான் பாட்டைக் கெடுத்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "என் சத்தத்த எடுத்துட்டிங்களா?" என்றான்.

"எடுக்கலண்ணே. கேளுங்க."

பாட்டு ஓடியது. வீரம்மாள் கண்ணை மூடவில்லை, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தனியாகப் பாடும்போது அது இருட்டாகக் கிடந்தது. பம்பை விழுந்தால் சிவந்தது, குரல் அசையாமல் நின்றது. மண்ணாங்கட்டியின் கால்விரல் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. கடைசியில், பாட்டு நின்று பம்பை மட்டும் அம்மனைக் கூப்பிடும் இடம் வந்தது. பல்பு அணையாமல் எரிந்தது. அவள் கையைத் தூக்கினாள்.

"இங்க நல்லாயில்ல தம்பி."

ராயப்பன் மெஷினை நிறுத்தினான்.

"சாமி வர்ற எடம் இது. இந்த மனுசன் மொதல்ல மெதுவா தட்டி, போவப் போவ ஏத்திக்கினு போவாரு. இதுல மொதல் அடியும் கடைசி அடியும் ஒண்ணாத்தான் கீது. ஏறவே இல்ல. சாமி எப்பிடி வரும்?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பயத்தில் ராயப்பன் பல்பை ஓயாமல் வேலை வாங்கிவிட்டான். சின்ன அடிக்கும் அமுக்கினால் பெரிய அடிக்கு மரியாதை எங்கே? ஆனால் விட்டுக்கொடுத்தால் ஊசி தாவிவிடும். திங்கட்கிழமைக்கு மிச்சம் அந்த ஒரு மத்தியானம். "இதுவே போதும்டா, அவங்களுக்கு எங்க தெரியப்போவுது" என்றுகூடச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அக்காவுக்குத் தெரியுதுங்களே" என்றான் அவன்.

பல்பு இருக்கும் ஆம்பிளிஃபயருக்குள் போகும் சத்தத்தைக் குறைத்தான். இப்போது சின்ன அடிக்குப் பல்பு சூடாகவில்லை, ஓங்கி விழும் அடிக்கு மட்டும் சிவந்தது. அமுக்குவது குறைந்துவிட்டதால், சேர்க்கும் இடத்தில் கனத்தை ஒரு மயிரிழை பார்த்துப் பார்த்து ஏற்றி, இதற்குமேல் வேண்டாம் என்ற இடத்தில் கையை எடுத்தான். ஐந்து தடவை பதிந்தான். நான்கு தடவை வீரம்மாள் தலையை ஆட்டவில்லை. ஐந்தாம் தடவை கடைசி அடிகள் படி ஏறுவது போல ஏறின. அரிசிப் பெட்டி அதிர்ந்தது, ஆனால் வீங்கவில்லை. அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இத்த எடுத்துக்கினு போ" என்றாள்.

திங்கட்கிழமை விருத்தாசலம் டேப்பை ஒரு முறை கேட்டார். ரிகார்டு வட்டத்தை ஏற்றி வெட்ட ஆரம்பித்தார். கடைசிப் பகுதி வந்தபோது ராயப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டான். வெட்டி முடித்ததும் அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"கோடும் கோடும் உரசறாப்ல வந்திருக்கு. உரசல" என்றார். "எந்தக் கம்பெனி லிமிட்டர்ப்பா இது? எங்கிட்ட இருக்கறது இப்படிப் பண்ணாதே."

ராயப்பன் சட்டைப் பையிலிருந்து சைக்கிள் பல்பை எடுத்து மேஜையில் வைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி அதைப் பார்த்தார். பிறகு லேபிளில் எழுத வேண்டிய பேரைக் கேட்டார். "வீரம்மாள் குழுவினர், பம்பை மண்ணாங்கட்டி" என்று அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

ரிகார்டு ஆடி முதல் வெள்ளிக்கு வந்துவிட்டது. அதை ஊரில் முதலில் போட்டது திருவாமாத்தூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது. மைக் செட் ராயப்பனுடையதுதான். வேப்ப மரத்தில் இரண்டு கூம்பு. ஊசியை வைத்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஆறு நாள் கண்விழித்துக் காப்பாற்றிய அந்தக் கனம் கூம்பில் வரவே வராது. பம்பை அங்கே 'டப் டப்' என்றுதான் கேட்டது. ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் வீரம்மாளின் குரல் ஓர் இடத்திலும் முங்கவில்லை. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. கையில் காப்பு இல்லாததால் வாயைத் திறக்காமல், தன் குரலையே கேட்டுக்கொண்டு அவள் கூட்டத்தின் நடுவில் நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

கடைசிப் பகுதி வந்தது. கூம்பில் அது ஒல்லியாக ஆரம்பித்தது. மண்ணாங்கட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கோயில் மூலையில் வைத்திருந்த பம்பையை எடுத்து இடுப்பில் கட்டினான். அழைப்பைப் பாடத்தான் காப்பு வேண்டும், பம்பை எப்போதும் அடிக்கலாம். ரிகார்டில் இருந்த தன் அடியோடு அடியாக, மெதுவாக ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போனான். 'தொம்' என்று தரை வழியாகக் கால் வரைக்கும் வந்தது.

ராயப்பன் நிமிர்ந்து, கூம்பின் சத்தத்தை அவனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் குறைத்தான்.